பணிப்பெண்ணா, இசைப் படகா, புல்லாங்குழலா? இடைக்காலத் தானியங்கிகளில் எதைச் செய்து பார்க்கலாம்

பள்ளி அறிவியல் மன்றத்திலோ, வீட்டுப் பட்டறையிலோ ஒரு பழைய தானியங்கியை ஓடும் மாதிரியாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. மேலே ஒரு தொட்டித் தண்ணீர், கீழே ஒரு காலித் தொட்டி, நடுவில் நடப்பதுதான் கருவி. பானம் ஊற்ற வேண்டும் அல்லது இசைக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தத் துறையில் இரண்டு பெயர்கள் முக்கியம். முதலாவது, 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் இருந்த பனூ மூசா சகோதரர்கள் மூவர்: முஹம்மது, அஹ்மத், அல்-ஹஸன். ஏறக்குறைய நூறு தந்திரப் பாத்திரங்களையும் ஊற்றுகளையும் விவரித்த நூல் அவர்களுடையது. தானே வாசிக்கும் புல்லாங்குழலைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலும் எழுதினார்கள். இரண்டாவது, இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில் அர்துக்கிய அரசர்களிடம் வேலை பார்த்த அல்-ஜஸரி. 1206இல் முடிந்த அவருடைய நூலில் ஐம்பது கருவிகள் இருக்கின்றன. வெறும் படம் போட்டு விட்டுவிடாமல், எந்த உலோகம், என்ன அளவு, எப்படி ஒட்டுவது என்று ஒரு கைவினைஞன் இன்னொரு கைவினைஞனுக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். நாம் செய்து பார்க்கத் துணிவதற்கே அதுதான் காரணம்.

போட்டியில் மூன்று கருவிகளை வைக்கிறேன்: அல்-ஜஸரியின் பானம் கொண்டுவரும் பணிப்பெண், விருந்தின்போது குளத்தில் மிதக்கவிடும் அவருடைய இசைப் படகு, பனூ மூசாக்களின் புல்லாங்குழல். அல்-ஜஸரியின் கோட்டைக் கடிகாரத்தைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறேன். ஆள் உயரத்தை விடப் பெரிய அந்தக் கருவியை 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக மறுபடி கட்டினார்கள். அது நம் மேசைக்குக் கட்டுப்படாது. ஆனால் அதிலிருந்து ஓர் உறுப்பை மட்டும் கடன் வாங்கப்போகிறோம்.

மூன்றையும் ஒப்பிடுமுன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல்தான். தண்ணீர் மெதுவாக, ஒரே சீராக வருகிறது. நமக்கு வேண்டியதோ, நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு சட்டென்று ஏதாவது நடப்பது. அல்-ஜஸரி இதற்கு அதிகம் நம்பியது கவிழும் வாளியை. நடுவில் அச்சு வைத்த ஒரு நீளவாட்டுப் பாத்திரம் அது. காலியாக இருக்கும்போது பின்பக்கம் கனம், அதனால் பின்னால் சாய்ந்து ஒரு தாங்கியில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏற ஏற எடையின் மையம் முன்னால் நகர்கிறது. அச்சைத் தாண்டிய கணத்தில் வாளி முன்னே சாய்கிறது. சாய்ந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரும் முன்னால் ஓடுகிறது. அதனால் இன்னும் வேகமாகச் சாய்கிறது. கொட்டி முடிந்ததும் பின்பக்கக் கனம் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். இன்றைய தானியங்கி மழைமானிகள் பலவற்றிலும் கவிழும் வாளிதான் மழையை அளக்கிறது.

இந்த வாளி கெடும் விதம் ஒன்று உண்டு, அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரியாகச் செய்த வாளி விளிம்புவரை அசையாமல் இருந்து ஒரே வீச்சில் கவிழும். சரியாகச் செய்யாதது பாதி சாய்ந்து, அப்படியே நின்று, மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். வருகிற தண்ணீரும் ஒழுகுகிற தண்ணீரும் சமமாகிவிட்டால் அது இனி எப்போதும் கவிழாது. அச்சு உயரமாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அச்சைத் தாழ்த்தி வாளியின் அடிப்பக்கத்துக்கு அருகில் வைத்தால், நிறைந்த வாளியின் கனம் அச்சுக்கு மேலே நின்று, சாயத் தொடங்கியதும் நிற்காமல் கவிழும். அச்சில் உராய்வு அதிகமாக இருந்தாலும் இதே நோய் வரும்.

சரி, பணிப்பெண்ணிடம் வருவோம்.

ஓர் அலமாரி. அதன் மேல்பகுதியில் பானத் தொட்டி. அதிலிருந்து பானம் சிறு துளை வழியாக வாளிக்குள் இறங்குகிறது. ஏழெட்டு நிமிடத்தில் வாளி நிறைந்து கவிழ, பானம் உள்ளே நிற்கும் பெண் பதுமையின் கையிலிருக்கும் கோப்பைக்குள் விழுகிறது. கோப்பை கனத்ததும் அவளைப் பிடித்திருந்த தடை விலகுகிறது. அவள் காலடியில் சிறு சக்கரங்கள், அவற்றின் கீழே சரிவான தளம். உருண்டு வந்து கதவைத் தள்ளித் திறந்து வெளியே நிற்கிறாள், ஒரு கையில் கோப்பை, இன்னொன்றில் வாய் துடைக்கத் துணி. குடித்தவர் கோப்பையைத் திரும்ப வைத்து, அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கோப்பையே சாவியாக இருப்பது. கோப்பை நிறையாமல் அவள் வெளியே வரவே முடியாது. நேரத்தை அளக்கும் உறுப்பு ஒன்று, கோப்பை நிறைந்ததா என்று பார்க்கும் உறுப்பு இன்னொன்று என்று இரண்டு தேவைப்படவில்லை. பரிமாற வேண்டிய பானமே இரண்டையும் செய்துவிடுகிறது.

நம் மாதிரிக்குக் கணக்குப் போடுவோம். கோப்பைக்கு 150 மில்லி, ஏழரை நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நிமிடத்துக்கு 20 மில்லி. துளைக்கு மேலே 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், இதற்கு வேண்டிய துளை சுமார் 0.7 மில்லிமீட்டர். ஒரு மணல் துகள் போதும், அடைத்துவிடும். சர்க்கரை போட்ட பானம் ஊற்றினால் காய்ந்தே அடைத்துக்கொள்ளும். ஆகவே தொட்டி வாயில் மெல்லிய துணி கட்டுங்கள், முதல் மாதிரிக்கு வெறும் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு கோளாறு மெதுவாகத் தெரியவரும். துளை வழியே தண்ணீர் ஓடும் வேகம், மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்துக்கு வர்க்கமூலமாகக் குறையும். தொட்டியில் 20 சென்டிமீட்டர் இருந்தது 5 சென்டிமீட்டராக இறங்கினால் ஓட்டம் பாதியாகிவிடும். ஏழரை நிமிடம் பதினைந்து நிமிடமாகும். முதல் கோப்பையைச் சிரித்துக்கொண்டு வாங்கியவர் கடைசிக் கோப்பைக்கு எழுந்து போயிருப்பார்.

இங்கேதான் கோட்டைக் கடிகாரத்திலிருந்து அந்த உறுப்பைக் கடன் வாங்குகிறோம்: மிதவை வால்வு. கடிகாரத்துக்கு நேரம் பிசகக் கூடாது என்பதால், பெரிய தொட்டித் தண்ணீரை அல்-ஜஸரி நேராகத் துளைக்கு அனுப்பவில்லை. நடுவில் ஒரு சிறு அறை வைத்தார். அதில் ஒரு மிதவை, அதன் தலையில் கூம்பு வடிவ அடைப்பான். அறையில் தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி வரத்துக் குழாயை அடைக்கும்; இறங்கினால் திறக்கும். பெரிய தொட்டியில் எவ்வளவு இருந்தாலும் சிறு அறையில் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்கும், ஆகவே ஓட்டமும் மாறாது. நம் வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் பந்து வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதையே சிறிதாக்கிச் செய்துகொள்ளலாம். கூம்பும் அதன் இருக்கையும் சொட்டுக்கூட விடாமல் பொருந்த, இரண்டுக்கும் நடுவில் எமரிப் பொடி போட்டு ஒன்றோடொன்று அரைக்கச் சொல்கிறார் அல்-ஜஸரி. இன்றைக்கும் எஞ்சின் வால்வுகளை மெக்கானிக்குகள் அப்படித்தான் இருக்கையோடு உராய்த்துப் பொருத்துகிறார்கள்.

பணிப்பெண்ணின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது: அவள் தானாகத் திரும்பிப் போகமாட்டாள். சரிவில் இறங்கியவளை ஏற்றிவிட ஆள் வேண்டும். அரசன் பக்கத்தில் அதற்கு ஆள் இருந்திருப்பார்கள். கண்காட்சியில் யாரும் தள்ளாவிட்டால், அடுத்த ஏழரை நிமிடத்தில் வாளி மறுபடி கவிழ்ந்து, கோப்பை இல்லாத இடத்தில் 150 மில்லியைக் கொட்டும். அலமாரிக்கு அடியில் ஒரு வடிகால் தட்டு கட்டாயம். சரிவையும் அதிகம் வைக்காதீர்கள். மூன்று நான்கு டிகிரிக்கு மேல் போனால், அவள் வந்து நிற்கும் வேகத்தில் கோப்பை தளும்பும். முன்தடையில் கம்பளித் துண்டு ஒட்டினால் அதிர்வு குறையும்.

அடுத்து இசைப் படகு. இதில் நான்கு இசைப் பெண்கள்: குழல், யாழ் போன்ற நரம்புக் கருவி, கைப்பறைகள். படகில் அரசனும் துடுப்பு போடுபவர்களும்கூட இருக்கிறார்கள். நேரத்துக்கு அதே கவிழும் வாளி, இங்கே அரை மணிக்கு ஒரு முறை. ஆனால் கவிழ்ந்த தண்ணீர் கோப்பைக்குப் போகாமல் ஓர் அகப்பைச் சக்கரத்தின் மேல் விழுகிறது. சக்கரத்தின் அச்சில் முளைகள் நிற்கின்றன. அச்சு சுழலும்போது ஒவ்வொரு முளையும் ஒரு நெம்புகோலின் வாலை அழுத்துகிறது, மறுமுனையில் கட்டியிருக்கும் பெண்ணின் கை உயர்கிறது. முளை கடந்து போனதும் கை தன் எடையிலேயே விழுந்து பறையைத் தட்டுகிறது.

முளை கையை மெதுவாகத் தூக்குகிறது, ஆனால் அடிப்பது முளை அல்ல. விடுபட்டு விழுவதுதான் அடிக்கிறது. முளையே கையைத் தோலில் அழுத்தினால் கை அங்கேயே ஒட்டி நின்று ஓசையை அமுக்கிவிடும். ஆகவே முளையின் பின்விளிம்பு வெட்டியதுபோல் முடிய வேண்டும், சரிந்து முடியக் கூடாது. சக்கரம் அதிக வேகமாகச் சுற்றினாலும் கோளாறுதான்: கை விழுந்து முடிவதற்குள் அடுத்த முளை வந்து பிடித்துவிடும், அடி கேட்காது. தாளம் நடுவில் தேய்ந்துபோவதுபோல் கேட்டால் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். கூட்டினால் இன்னும் மோசமாகும்.

படகுக்கும் ஒரு கணக்கு. வாளி 5 லிட்டர் என்று வையுங்கள். அரை மணியில் நிறைய நொடிக்கு 2.8 மில்லி போதும், துளை சுமார் 2 மில்லிமீட்டர். பணிப்பெண்ணின் துளையைவிட மூன்று மடங்கு அகலம், அடைப்புத் தொல்லை வெகுவாகக் குறையும். கண்காட்சியில் அரை மணி யாரும் காத்திருக்கமாட்டார்கள். ஐந்து நிமிடமாக்கினால் துளை 5 மில்லிமீட்டர். வாளி கொட்டியதை நேராகச் சக்கரத்தில் விட்டால் ஒரே நொடியில் முடிந்துவிடும், அதனால் இடையில் ஒரு சிறு தொட்டி வைத்து, முக்கால் இஞ்ச் குழாய் வழியாக விடுங்கள். நொடிக்கு 250 மில்லி வீதம் 20 நொடி ஓடும். சக்கரம் நான்கு நொடிக்கு ஒரு சுற்று என்றால் மொத்தம் ஐந்து சுற்று. அச்சின் சுற்றளவை எட்டாகப் பிரித்தால் அரை நொடிக்கு ஓர் இடம், அதில் முளை வைப்பதும் விடுவதும் உங்கள் தாளம்.

சக்தி போதுமா என்று பார்க்க வேண்டும். 5 லிட்டர் 30 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 15 ஜூல். வீட்டில் செய்த சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. 5 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 30 கிராம் கையை 3 சென்டிமீட்டர் தூக்க 0.01 ஜூலுக்கும் குறைவுதான் வேண்டும், ஆனால் நெம்புகோல் உராய்வு அதை எளிதாக ஐந்து மடங்காக்கும். அப்படியானால் ஓர் அடிக்கு சுமார் 0.045 ஜூல், மொத்தம் நூறு அடிக்குச் சற்று மேல். நான்கு கைகளும் எட்டு இடத்திலும் அடிக்க ஆசைப்பட்டால் ஐந்து சுற்றில் 160 அடி, சக்கரம் நடுவிலேயே திணறும். சுற்றுக்குப் பன்னிரண்டு அடியில் நிறுத்தினால் மொத்தம் 60, சக்தி மிச்சமிருக்கும். இன்னொன்று, இரண்டு முளைகளை ஒரே நேரத்தில் நெம்புகோலைத் தொடும்படி வைக்காதீர்கள். மொத்தச் சக்தி போதுமானதாக இருந்தாலும் அந்த ஒரு கணத்தில் பாரம் இரட்டிப்பாகி, சக்கரம் அங்கே நின்றுவிடும். இரு கைகளும் சேர்ந்து விழ வேண்டுமானால் ஒன்றை முன்கூட்டியே தூக்கும் அளவுக்கு முளையை நீளமாக்கி, விடும் இடத்தை மட்டும் ஒன்றாக்குங்கள்.

முளைகளைக் கழற்றி மாற்றலாம் என்றால் தாளத்தையும் மாற்றலாம். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் நோயல் ஷார்க்கி இதை வைத்து, படகை நிரல் மாற்றக்கூடிய இயந்திரம் என்று வாதிட்டு மாதிரியும் செய்து காட்டினார். அது அவருடைய வாசிப்பு. அல்-ஜஸரியின் விருந்தாளிகளுக்கு வாசித்தது ஒரே தாளமாகவே இருந்திருக்கலாம். ஆனால் நம் மாதிரியில் துளையிட்ட அச்சும் செருகு முளைகளும் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. மாணவர்கள் கையில் கொடுத்தால் அடுத்த கவிழ்ப்புக்குள் புதுத் தாளம் கட்டிவிடுவார்கள்.

படகின் குழல் வேறு வகை. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வீணாகாமல் ஒரு மூடிய பாத்திரத்துக்குள் இறங்குகிறது. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற ஒரே வழி ஊதல். தண்ணீர் நிறையும்வரை அது ஊதிக்கொண்டிருக்கும். நம் கணக்கில் நொடிக்கு 250 மில்லி தண்ணீர் என்றால் நொடிக்கு 250 மில்லி காற்று, சிறு ஊதலுக்கு அது தாராளம். ஆனால் உள்வரும் குழாயின் வாய் பாத்திரத்தின் அடியில், எப்போதும் சிறிது தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று வந்த வழியே மேலே போய்விடும், ஊதல் சத்தமே போடாது. பிறகு பாத்திரத்தைக் காலி செய்ய வளைந்த வடிகுழாய் வைக்கிறோம், அதாவது சைஃபன்; அதன் உள்முனையும் அந்த அடித்தண்ணீருக்குள் இருந்தால் அடிப்பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் தங்கும். சைஃபனின் வளைவை மேல்மட்டத்தை விடச் சில சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் காற்றழுத்தம் குழாயில் தண்ணீரை முன்கூட்டியே ஏற்றிவிடும், பாதி நிறைவதற்குள் வடியத் தொடங்கி, ஊதல் அடங்கிவிடும்.

இதிலிருந்து பனூ மூசாக்களின் புல்லாங்குழலுக்குப் போனால், மெட்டு வருகிறது. படகின் ஊதல் ஒரே சுரத்தை நீட்டும். பனூ மூசாக்களோ உண்மையான புல்லாங்குழலின் துளைகளை மூடித் திறக்கச் செய்தார்கள். தண்ணீர்ச் சக்கரம் சுழற்றும் ஓர் உருளை, அதன் மேல் முளைகள். முளை நெம்புகோலைத் தொட்டால் துளை திறக்கும், விட்டால் மூடும். காற்று அறுந்துபோகாமல் வர இரண்டு பாத்திரங்கள் மாறி மாறி நிறையும், ஒன்று ஊதும்போது மற்றது வடியும். முளையின் நீளம் இங்கே சுரத்தின் கால அளவு. பிற்காலத்து இசைப்பெட்டிகளின் முள் உருளை இதே யோசனையைத்தான் தொடர்ந்தது. மூன்றிலும் மிக உயர்ந்த யோசனை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் முதல் கருவியாகச் செய்ய இதை நான் சொல்லமாட்டேன். பறையில் கை கொஞ்சம் முன்பின்னாக விழுந்தாலும் பறை பறையாகத்தான் கேட்கும். புல்லாங்குழலில் ஒரு துளையின் மூடி மயிரிழை கசிந்தாலும் அதற்குக் கீழே உள்ள சுரங்கள் எல்லாம் கெட்டுவிடும். காற்றின் அழுத்தம் ஏறி இறங்கினால் சுரமும் ஏறி இறங்கும். பாத்திரம் மாறும் இடத்தில் அது கட்டாயம் நடக்கும். அல்-ஜஸரியும் தம் நூலில் எப்போதும் ஊதும் குழல்களைச் சொல்கிறார், அவற்றில் ஒன்றில் தண்ணீரைப் பாத்திரம் மாற்றிவிடும் வேலையை இரண்டு மிதவைகள் செய்கின்றன. மாறும் நேரத்தைப் பற்றி அவருக்குத் தெளிவான கருத்தும் இருந்தது. வடிவம் மாறும் ஊற்றுகளைப் பற்றிச் சொல்லும்போது, பனூ மூசாக்களை மரியாதையோடு குறிப்பிட்டு, காற்றாலோ நீராலோ சுழலும் இதழ்களைக் கொண்டு அவர்கள் மாற்றும் இடைவெளி மிகக் குறுகியது, மாற்றம் கண்ணுக்குத் தெரியவே நேரமில்லை என்கிறார். அதற்காகத்தான் அவர் வாளிகளையும் மிதவைகளையும் நாடினார். நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும் பாத்திரம்தான் நீண்ட இடைவெளியைத் தர முடியும்.

என் தேர்வு படகு, ஆனால் முழுப் படகு அல்ல. இரண்டு பறைப் பெண்கள், கழற்றி மாட்டும் முளைகள், அவ்வளவுதான். துடுப்புக்காரர்கள், யாழ், அரசன் எதுவும் வேண்டாம். குளத்தில் மிதக்கவும் வேண்டாம், மேசையில் நின்றால் போதும். மிதக்கும் கூட்டுக்குள் 5 லிட்டர் தண்ணீர் இடம் மாறும்போது படகு சாயாமல் பார்ப்பது தனி வேலை. மேலே மிதவை வால்வு வைத்த சிறு அறை, நடுவில் வாளி, கீழே சக்கரமும் அச்சும். தண்ணீர், மிதவை, முளை மூன்றும் தம் வேலையைத் தனித்தனியாகக் காட்டும் ஒரே கருவி இந்தச் சேர்க்கைதான். ஆள் துணை இல்லாமல் நாள் முழுக்க ஓடுவதும் இதுதான்: கீழ்த் தொட்டியில் சேர்ந்ததை அவ்வப்போது மேலே ஊற்றினால் போதும்.

ஒரே ஒரு மாலை விருந்துக்கு வேண்டும், பார்க்க வருபவர்கள் குழந்தைகள், பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறது என்றால் பணிப்பெண்ணை எடுங்கள். அங்கே படகு தோற்றுப்போகும். பானத்தோடு கதவைத் திறந்து வரும் பதுமைக்கு ஈடு எதுவும் இல்லை. புல்லாங்குழலை, படகு சரியாக ஓடிய பிறகு, அதன் அச்சையே நீட்டிச் செய்யலாம்.

எதைத் தொடங்கினாலும் வேலையை வாளியிலிருந்து தொடங்குங்கள், பதுமையிலிருந்து வேண்டாம். அல்-ஜஸரி சில வடிவங்களை முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பார். நாம் அட்டையில் வாளியின் பக்கவாட்டை வெட்டி, ஓர் ஊசியில் குத்தி அச்சின் இடத்தைத் தேடலாம். பிறகு தகரத்தில் செய்து, அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, எத்தனை மில்லியில் கவிழ்கிறது என்று பத்து முறை குறித்துக்கொள்ளுங்கள். பத்தும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குள் ஒத்துப்போனால் சக்கரத்துக்கு மரம் வாங்கப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் அச்சுத் துளைகளைத் தேய்த்து எண்ணெய் விட்டு, இன்னொரு பத்து முறை ஊற்றிப் பாருங்கள்.